ரீஃபர்பிஷ்டு லேப்டாப் விளம்பரத்தில் பேட்டரி, வாரண்டி, ரிட்டர்ன்: எதை எப்படிச் சொல்வது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் ரீஃபர்பிஷ்டு லேப்டாப் கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்புக்கும் லோக்கல் கேபிளுக்கும் ஒரு நிமிட விளம்பரம் எடுக்கப் போகிறேன். "6 மாத வாரண்டி, பேட்டரி சூப்பர் கண்டிஷன், 7 நாள் ரிட்டர்ன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் சண்டை வராதபடி இதை எப்படிச் சொல்வது? மாதிரி ஸ்கிரிப்ட் கிடைத்தால் நல்லது.

பதில்:

உங்கள் மூன்று வரியில் முதலில் சண்டை வரப்போவது பேட்டரியில்தான். "சூப்பர் கண்டிஷன்" என்று கேட்டவர் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போகலாம் என்று நினைப்பார். நீங்கள் நினைத்தது, ஐந்து வருஷம் ஓடிய பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம் நிற்கிறதே, அது நல்ல பேட்டரிதானே என்பது. இரண்டு பேருமே நேர்மையாகத்தான் பேசியிருக்கிறீர்கள், ஆனால் பத்தாவது நாள் கடை வாசலில் குரல் உயரும். அதனால் விளம்பரத்தில் பேட்டரியைப் பற்றிப் பாராட்டு எதுவும் வேண்டாம். அளந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள், அதே எண்ணை அதே வார்த்தைகளில் பில்லிலும் எழுதுங்கள். வாரண்டியும் ரிட்டர்னும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

அளப்பது எளிது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்று ஒரு ஃபைல் உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டும். பிரவுசரில் திறந்தால் மேலேயே Installed batteries என்ற பகுதி இருக்கும். அதில் உங்களுக்கு வேண்டியவை DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY, CYCLE COUNT, SERIAL NUMBER. முதலாவது பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடிக்கும் என்பது. இரண்டாவது இப்போது முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது என்பது. இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் பேட்டரியின் ஆரோக்கியம் சதவீதத்தில் கிடைத்துவிடும்.

ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கம்பெனி ஆபீஸிலிருந்து லாட்டில் வந்த டெல் லாட்டிட்யூட் 7490. அதில் 60 வாட்-அவர் பேட்டரி இருக்கிறது, ஆகவே DESIGN CAPACITY சுமார் 60,000 mWh என்று காட்டும். FULL CHARGE CAPACITY 46,800 என்று வந்தால் 78 சதவீதம். இந்த வயது மெஷினுக்கு இது நல்ல எண்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி விளம்பரம் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் இருப்பது பேட்டரிக்குள் இருக்கும் சிப் சொல்லும் கணக்கு. செல் தளர்ந்திருந்தாலும் சிப் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கலாம். சந்தையில் கிடைக்கும் மலிவான டூப்ளிகேட் பேட்டரிகளில் இது அடிக்கடி நடக்கும். ஐந்து வருஷ லேப்டாப்பில் இரண்டு எண்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்து, CYCLE COUNT பூஜ்யம் என்று காட்டினால், யாரோ வேறு பேட்டரி போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். CYCLE COUNT இடத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை, சில மாடல்கள் அதைச் சொல்வதே இல்லை. பேட்டரி மாற்றப்பட்டிருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் "புது பேட்டரி, கம்பெனி பேட்டரி அல்ல" என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சிப் சொல்வது உண்மையா என்று தெரிய லேப்டாப்பை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, ஸ்க்ரீன் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, வைஃபையில் வீடியோ ஓடவிட்டு, 10 சதவீதத்துக்கு வரும்வரை எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓட்டி மீதியைக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் தளர்ந்த பேட்டரி முதல் பாதியில் ஒழுங்காகவே இறங்கும். முப்பது, நாற்பது சதவீதத்துக்கு வந்ததும் திடீரென்று ஐந்துக்கு விழும், அல்லது அப்படியே ஆஃப் ஆகிவிடும். கஸ்டமர் கொண்டு வரும் புகார்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

நம் 7490-இல் இந்தச் சோதனையில் 3 மணி 50 நிமிடம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 46,800-இல் தொண்ணூறு சதவீதம் செலவாகியிருக்கிறது, அதாவது சுமார் 42 வாட்-அவர். அதை 3.83 மணியால் வகுத்தால் கிட்டத்தட்ட 11 வாட். இந்த வகை 14 இஞ்ச் மெஷின் வைஃபையில் வீடியோ ஓட்டும்போது இழுக்கக்கூடிய அளவுதான் இது. ஆகவே ரிப்போர்ட்டும் நிஜமும் ஒத்துப்போகின்றன. இதே 78 சதவீதம் காட்டிவிட்டு ஒன்றரை மணியில் படுத்துவிட்டால் கணக்குப்படி 28 வாட் ஆகிறது. வீடியோ ஓட்ட அவ்வளவு தேவையில்லை. பின்னணியில் அப்டேட் ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவை சோதியுங்கள். மறுபடியும் அதே கதி என்றால் பேட்டரியை மாற்றிவிட்டு விற்பனைக்கு வையுங்கள்.

விளம்பரத்தில் 3 மணி 50 நிமிடத்தை அப்படியே சொல்ல வேண்டாம், "மூன்றரை மணி நேரம்" என்று குறைத்துச் சொல்லுங்கள். கூடவே எந்த வேலையில் அது வந்தது என்பதையும் சொல்லுங்கள். வாங்குகிற பையன் அதில் வீடியோ எடிட்டிங் செய்தால் பாதி நேரம்கூட நிற்காது.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அடிமூடியில் இடைவெளி தெரிந்தாலோ, மூடினால் ஸ்க்ரீன் சரியாக உட்காராவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை எந்தச் சதவீதம் காட்டினாலும் விற்கக் கூடாது. அழுத்தி உட்கார வைக்கவும் கூடாது, தீப்பிடிக்கும்.

அளக்காமல் சொல்வதில் இன்னொரு ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறை எது என்று சொல்கிறது. பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ முறையான சோதனை இல்லாமல் உத்தரவாதம் கொடுப்பது அதில் வருகிறது. சோதித்தோம் என்று நீங்கள் சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான். பழையதை, புதுப்பித்ததைப் புதியது என்று காட்டுவதும் அதே பிரிவில் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டைத் தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், பேட்டரி சீரியல் நம்பரை பில்லில் எழுதுங்கள். நாளைக்கு வேறு பேட்டரியை மாட்டிக் கொண்டுவந்து "நீங்கள் கொடுத்தது இதுதான்" என்று யாராவது சொன்னால் உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்த நம்பர்தான்.

சரி, வாரண்டிக்கு வருவோம். "6 மாத வாரண்டி" என்றால் கேட்பவருக்கு மூன்று கேள்விகள் நிற்கும். யார் தரும் வாரண்டி? பாகத்துக்குமா, கூலிக்கு மட்டுமா? பேட்டரிக்கும் உண்டா? நம் ஊரில் பல கடைகள் "சர்வீஸ் வாரண்டி" என்று சொல்லி, கூலி இலவசம், பார்ட்ஸுக்குக் காசு என்ற கணக்கில் நடத்துகின்றன. அப்படி நடத்துவது உங்கள் இஷ்டம், ஆனால் அதை விளம்பரத்தில் சொல்லாமல் மறைத்தால் மதர்போர்டு போன அன்றைக்கு வாடிக்கையாளரும் போய்விடுவார். அவர் நாமக்கல்காரராக இருந்தால் அங்கேயே, அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கவும் இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

பேட்டரிக்குத் தனிக் காலம் வையுங்கள். மற்ற பாகங்களுக்கு 6 மாதம் என்றால் பேட்டரிக்கு 3 மாதம் போதும், ஆனால் எது குறை என்பதற்கு ஒரு எல்லை வேண்டும். பேட்டரி தேய்வது இயற்கை, அதைக் குறை என்று யாரும் சொல்ல முடியாது. 78-இல் விற்றது மூன்று மாதத்தில் ஓரிரு சதவீதம் இறங்கினால் சாதாரணம். ரிப்போர்ட் எண்ணே சில சமயம் சார்ஜ் ஏறி இறங்குவதைப் பொறுத்து ஓரிரு புள்ளி மேலும் கீழும் ஆடும். அதனால் எல்லையை விற்ற எண்ணுக்கு ஒட்டி வைக்காமல் பத்துப் பதிமூன்று புள்ளி கீழே வையுங்கள். 65-க்குக் கீழே போனால் மாற்றித் தருகிறோம் என்றால் உங்களுக்கும் நஷ்டம் வராது, செல் உண்மையிலேயே கெட்டுப்போனவர் கைவிடப்படவும் மாட்டார்.

கடையில் பல மெஷின்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விளம்பரம் வேண்டும் என்றால் 78 என்று சொல்ல முடியாது. அப்போது "எங்கள் கடையில் 70 சதவீதத்துக்குக் கீழே பேட்டரி உள்ள லேப்டாப்பை அப்படியே விற்பதில்லை, மாற்றிவிட்டுத்தான் விற்கிறோம்" என்று ஒரு குறைந்தபட்ச எல்லையை அறிவியுங்கள். அதை மீறாமல் நடத்த முடிந்தால் அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. முடியாது என்றால் ஒரு மெஷினுக்கு ஒரு வீடியோ என்று எடுங்கள்.

ரிட்டர்னில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பொருளில் குறை இருப்பது ஒன்று, மனசு மாறுவது இன்னொன்று. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது அதே பிரிவு 2(47)-இன் கீழ் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலமே குறிக்கவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. ஆகவே 7 நாள் என்று நீங்கள் வாயால் சொல்லிவிட்டு பில்லில் எழுதாமல் விட்டால், அது 30 நாளாகிவிடும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்த பில் புத்தகம் இருந்தால் அதை ஓரம் கட்டுங்கள். குறையுள்ள பொருள் என்று கேஸ் போனால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது.

மனசு மாறினால் பணம் தர வேண்டும் என்ற கட்டாயம் கடைக்கு இல்லை. ஆனால் "7 நாள் ரிட்டர்ன்" என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் அதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொண்டவர் மேல் தப்பில்லை. இரண்டையும் பிரித்து, இரண்டு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். மாற்றிக்கொள்வதற்குக் கழிவு பிடிப்பீர்கள் என்றால் அந்தத் தொகையையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

நாள் கணக்கிலும் கொஞ்சம் யோசியுங்கள். ஏற்காட்டிலிருந்து வந்து வாங்கிப் போகும் எஸ்டேட் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் ஸ்க்ரீனில் கோடு விழுகிறது. மழை கொட்டுகிறது, வேலைக்கு லீவு கிடைக்கவில்லை, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர அவர்களுக்கு ஞாயிறுதான் வாய்க்கிறது. அதற்குள் ஏழு நாள் ஓடிவிடும். அதனால் 7 நாளுக்குள் வாட்ஸ்அப்பில் படத்தோடு சொன்னால் போதும், அடுத்த 3 நாளில் கொண்டு வரலாம் என்று வையுங்கள். சொன்ன நேரம் இரண்டு பேர் போனிலும் பதிவாகிவிடும், தகராறுக்கு இடமில்லை.

இனி ஸ்கிரிப்ட். பேசுவது நீங்களே இருங்கள், பின்னணிப் பாட்டு வேண்டாம்.

கடை மேஜையில் லேப்டாப், நீங்கள் மூடியைத் திறக்கிறீர்கள்:
"வணக்கம்ங்க. இது புது லேப்டாப் இல்லீங்க. கம்பெனி ஆபீஸ்ல ஓடின டெல் லாட்டிட்யூட் 7490. நாங்க பிரிச்சுச் சுத்தம் பண்ணி, செக் பண்ணி விக்கிறோம்."

பேட்டரி ரிப்போர்ட் குளோசப்பில், இரண்டு எண்களும் படிக்கிற மாதிரி:
"பேட்டரி எப்படின்னு கேப்பீங்க. இதோ ரிப்போர்ட். புதுசுல பிடிச்சதுல இப்ப 78 சதவீதம் பிடிக்குது. வெளிச்சத்தைப் பாதி வெச்சு வைஃபைல வீடியோ ஓட்டினோம், மூன்றரை மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு. கேம், எடிட்டிங்னா கம்மியாத்தான் நிக்கும்."

உங்கள் முகம்:
"வாரண்டி 6 மாசம். கம்பெனி வாரண்டி முடிஞ்சுபோச்சு, இது எங்க கடை வாரண்டி. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஸ்க்ரீன், கீபோர்டு எல்லாத்துக்கும் பார்ட்ஸும் கூலியும் எங்களுது. பேட்டரிக்கு மட்டும் 3 மாசம். அதுக்குள்ள 65 சதவீதத்துக்குக் கீழ போனா மாத்தித் தர்றோம். கீழ விழுந்தது, தண்ணி பட்டது வாரண்டில வராதுங்க."

பில் புத்தகத்தைக் காட்டியபடி:
"ஏதாவது குறை இருந்தா 7 நாளுக்குள்ள வாட்ஸ்அப்ல சொல்லுங்க, அடுத்த 3 நாள்ல கொண்டு வாங்க, முழுப் பணமும் திருப்பித் தர்றோம். மனசு மாறிட்டா அதே 7 நாள்ல வேற லேப்டாப் மாத்திக்கலாம், பணம் தர்றதில்ல. இப்ப சொன்ன அத்தனையும் பில்லுல இருக்கும். அஸ்தம்பட்டிக்கு வந்து ஓட்டிப் பாத்து வாங்குங்க."

நிதானமாகப் பேசினால் இது ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். குறைக்க வேண்டும் என்றால் "பிரிச்சுச் சுத்தம் பண்ணி" என்பதை எடுங்கள். "வராதுங்க", "பணம் தர்றதில்ல" என்று முடியும் வரிகளில் கை வைக்காதீர்கள். அவற்றை எடுத்துவிட்டுக் கடைசியில் பொடி எழுத்தில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று போடும் பழக்கம் இனி உதவாது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, நிபந்தனை வரி விளம்பரம் பேசும் மொழியிலேயே, வாக்குறுதியின் அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். குரலில் சொல்லும் வாக்குறுதிக்கான நிபந்தனை அந்தக் குரலோடு சேர்ந்தே வர வேண்டும். தமிழில் வாக்குறுதி கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை ஓட்டுவது அங்கேயே அடிபடுகிறது.

நம் 7490-இல் எட்டாம் தலைமுறை ஐ5 இருந்தால் விண்டோஸ் 11 முறையாக ஏறும். அதற்கு முந்தைய தலைமுறை மெஷினை இதே ஸ்கிரிப்ட்டில் விற்பதாக இருந்தால் ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பில்லில் லேப்டாப் சீரியல், பேட்டரி சீரியல், விற்ற அன்றைய சதவீதம், சோதித்த தேதி, வாரண்டிக் காலம், ரிட்டர்ன் நாள் எல்லாம் வர வேண்டும். இன்னொரு வரியும் சேருங்கள்: சர்வீஸுக்குக் கொடுக்கும்முன் டேட்டாவை பேக்கப் எடுத்துக்கொள்ளவும், பாஸ்வேர்டும் ரெக்கவரி கீயும் கைவசம் இருக்கட்டும் என்று. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்ததும் பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். நீங்கள் வாரண்டியில் மதர்போர்டை மாற்றிக் கொடுத்த பிறகு அது அந்த 48 இலக்கக் கீயைக் கேட்கும். கீ அவரிடம் இல்லையென்றால் ஃபைல்கள் போனதுதான், பழி உங்கள் மேல் விழும். வாரண்டி வேலை பதினைந்து நாளில் முடியாவிட்டால் அதே தரத்தில் வேறு மெஷினோ பணமோ தருவீர்கள் என்பதையும் எழுதிவிட்டால், "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று யாரையும் அலைய வைக்க வேண்டியிருக்காது.

வீடியோ வெளியான பிறகும் ஒரு வேலை இருக்கிறது. நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பைக் கண்ணாடி ஷோகேஸில் சேலத்துச் சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் வைத்தால் பேட்டரி சும்மா இருந்தபடியே வேகமாகத் தேயும். பாதிச் சார்ஜில், நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விற்காமல் நின்றதென்றால் மறுபடி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். 78 என்று சொன்னது 74 ஆகியிருந்தால் அந்த வீடியோவை எடுத்துவிட்டுப் புது எண்ணோடு மறுபடி பேசிப் போடுங்கள். அந்த மெஷின் விற்றுப்போன அன்றைக்கே பழைய வீடியோவையும் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் அதைப் பார்த்துவிட்டு ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வருபவரிடம் வேறு மெஷினைக் காட்ட வேண்டிவரும்.